கையா, கம்ப்ரெசரா, லிமிட்டரா? ஏறி இறங்கும் குரலைக் கைபேசியில் சமப்படுத்துவது

பெரியம்மாவிடம் பழைய கதைகளைக் கேட்டுப் பதிவு செய்த 18 நிமிட ஒலிக்கோப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. கூடத்து மேசையில் கைபேசியை வைத்துவிட்டு எதிரெதிரே உட்கார்ந்து பேசினோம். வீட்டில் கேட்டபோது நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் பஸ்ஸில் போகும்போது கேட்டேன். “அந்த வருஷம் கிணற்றில் தண்ணீர் ஊற” என்பது வரை காதில் விழுந்தது. அதன் பிறகு எஞ்சின் சத்தம்தான். அவர் சொன்னது “ஊறவேயில்லை.” கிணறு வற்றிய கதையில் கிணறு வற்றியது மட்டும் கேட்கவில்லை.

தமிழ்ப் பேச்சைப் பதிவு செய்கிற எல்லாருக்கும் இது நேரும். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. நடந்ததா நடக்கவில்லையா, வந்தானா வருவானா என்பதெல்லாம் அந்தக் கடைசிச் சொல்லின் வாலில் ஒட்டியிருக்கிறது. மூச்சு தீர்ந்து குரல் தணிவதும் அங்கேதான். ஆகவே ஒலி அளவைச் சமப்படுத்தும்போது முதலில் காப்பாற்ற வேண்டியது வாக்கியத்தின் முடிவு. எந்தக் கருவி நல்லது என்று பார்க்கும்போது நான் இதையே உரைகல்லாக வைத்துக்கொள்கிறேன்.

கைபேசியில் இயங்கும் எளிய ஒலித் தொகுப்புச் செயலிகளில் இந்த வேலைக்குப் பொதுவாக நான்கு வழிகள் உண்டு. ஒரே பொத்தானில் மொத்தத்தையும் உயர்த்தும் நார்மலைஸ், துண்டு துண்டாக வெட்டிக் கையால் அளவு மாற்றுவது, கம்ப்ரெசர், லிமிட்டர். பெரியம்மாவின் பதிவில் நான்கையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தேன். எது எங்கே தேறியது, எங்கே கெடுத்தது என்பதை அந்தப் பதிவின் எண்களோடு சொல்கிறேன்.

முதலில், கோப்பில் என்ன இருந்தது

செயலியில் ஒலியின் உச்ச அளவு 0 டெசிபல். அதற்கு மேல் இடமில்லை. மற்ற எல்லாம் அதற்குக் கீழே, கழித்தல் குறியோடு வரும். 6 டெசிபல் குறைந்தால் அலையின் உயரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். இந்த ஒரு கணக்கு தெரிந்திருந்தால் மற்றதெல்லாம் எளிது.

என் பதிவில் கைபேசி எனக்குப் பக்கத்தில் இருந்தது. அதனால் என் கேள்விகள் -5 வரை எழுந்தன. பெரியம்மா வாக்கியத்தைத் தொடங்கும் இடங்கள் -14. முடிக்கும் இடங்கள் -26. அவர் சிரித்த இடங்கள் -8. இடையில் ஒரு முறை யாரோ காப்பி டம்ளரை மேசையில் வைத்தார்கள். அது மட்டும் -1. பேச்சே இல்லாத இடங்களில் மின்விசிறியின் இரைச்சல் -52.

பெரியம்மாவின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் 12 டெசிபல் வித்தியாசம். அதாவது முடிவில் அலையின் உயரம் தொடக்கத்தில் இருந்ததில் கால் பங்குதான். திரையில் பார்த்தால் ஒவ்வொரு வாக்கியமும் தலை பெருத்து வால் சிறுத்த மீன் போலத் தெரியும்.

இந்த எண்களைக் கவனித்தால் இதில் மூன்று விதமான சமமின்மை கலந்திருப்பது புரியும். எனக்கும் அவருக்கும் இடையே உள்ள வித்தியாசம் பல வினாடிகளுக்கு ஒரு முறை மாறுவது. அவருடைய வாக்கியத்துக்குள் நிகழும் இறக்கம் ஓரிரு வினாடிக்குள் நடப்பது. டம்ளர் ஒரு கண நேரத்துக் கூர்முனை. நான்கு வழிகளில் எதைத் தேர்வு செய்வது என்பது, சமமின்மை எவ்வளவு நேரத்துக்குள் நிகழ்கிறது என்பதைப் பொறுத்தது. அதைப் பார்க்காமல் ஒரே கருவியின் மேல் மூன்றையும் சுமத்துவதால்தான் பெரும்பாலான பதிவுகள் கெடுகின்றன.

நார்மலைஸ்

குரல் சிறிதாக இருக்கிறதே என்று எல்லாரும் முதலில் தொடுவது இதைத்தான். கோப்பில் மிக உயர்ந்த முனை எதுவோ அதைக் கண்டுபிடித்து, அது நாம் சொன்ன அளவைத் தொடும்வரை மொத்தக் கோப்பையும் ஒரே சீராகத் தூக்குவது இதன் வேலை.

என் கோப்பில் மிக உயர்ந்த முனை டம்ளர். அது ஏற்கெனவே -1இல் இருந்தது. இலக்கையும் -1 என்று வைத்து அழுத்தினேன். எதுவும் நடக்கவில்லை. 18 நிமிடப் பேச்சையும் ஒரு டம்ளர் கட்டிப் போட்டிருந்தது. அந்த டம்ளரை வெட்டி எடுத்திருந்தாலும் அடுத்த முனை என் குரலின் -5. நான்கு டெசிபல் கிடைத்திருக்கும். மேடும் பள்ளமும் அப்படியேதான் இருந்திருக்கும்.

சில செயலிகளில் முனையைப் பார்க்காமல் சராசரி உரப்பைப் பார்த்து நார்மலைஸ் செய்யும் வசதி இருக்கிறது. அதுவும் முழுக் கோப்பையும் ஒரே அளவில்தான் ஏற்றும் அல்லது இறக்கும். எல்லாம் முடிந்த பிறகு, பல பதிவுகளை ஒரே உரப்பில் கொண்டுவருவதற்கு அது உதவும். உள்ளே இருக்கும் ஏற்ற இறக்கத்துக்கு அது மருந்தில்லை.

லிமிட்டர் மட்டும்

லிமிட்டருக்கு ஒரு கூரை உண்டு. ஒலி எவ்வளவு எழுந்தாலும் அந்தக் கூரையைத் தாண்ட விடாது. அதற்குக் கீழே இருப்பதைத் தொடாது. நார்மலைஸ் தோற்ற இடத்தில் இது உடனே பலன் தருவதுபோலத் தெரியும்; ஏனென்றால் டம்ளரை அமுக்கிவிட்டு மற்றதைத் தூக்க முடிகிறது.

கூரையை -1இல் வைத்து, உள்ளே போகும் ஒலியை 13 டெசிபல் உயர்த்தினேன். பெரியம்மாவின் -14 இப்போது -1 ஆகிவிட்டது. என் -5 கணக்குப்படி 8 டெசிபல் மேலே போயிருக்க வேண்டும். லிமிட்டர் அதை 9 டெசிபல் அமுக்கி -1இல் நிறுத்தியது. எண்களைப் பார்த்தால் இருவரும் சமம். காதில் கேட்டால் என் குரல் தகரத்துக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. மிக வேகமாக அமுக்கும் கருவி தொடர்ந்து 9 டெசிபல் அமுக்கினால் குரல் நசுங்கத்தான் செய்யும். பேச்சில் ஆங்காங்கே மூன்று, நான்கு டெசிபல் அமுக்கினால் காதுக்குத் தெரியாது. ஆறைத் தாண்டினால் கவனித்துக் கேட்பவருக்குத் தெரிந்துவிடும் என்பது என் அனுபவம்.

அதைவிட முக்கியமான குறை வேறு. “ஊறவேயில்லை” -26இலிருந்து -13க்கு ஏறியது. தொடக்கமும் அதே 13 டெசிபல் ஏறி -1க்கு வந்துவிட்டது. வித்தியாசம் இன்னும் 12 டெசிபல்தான். பஸ்ஸில் மறுபடி கேட்டேன். ஒலியைக் கூட்டினால் தொடக்கம் காதை அறைந்தது, குறைத்தால் முடிவு காணாமல் போனது. தூரத்திலிருந்து வரும் குரலையும் அருகிலிருந்து வரும் குரலையும் முரட்டுத்தனமாகச் சமப்படுத்த லிமிட்டரால் முடிகிறது. வாக்கியத்தின் வாலை அதனால் தூக்க முடியாது.

கம்ப்ரெசர் மட்டும்

வாலைத் தூக்குவதற்கென்றே இருப்பது கம்ப்ரெசர். ஆனால் அது வாலைத் தொடுவதில்லை, தலையை அமுக்குகிறது. தலை தணிந்ததால் கிடைத்த இடத்தில் மொத்தத்தையும் உயர்த்துகிறோம். அதில்தான் வாலும் மேலே வருகிறது.

திரையில் Threshold என்று இருப்பது எந்த அளவுக்கு மேல் போனால் அமுக்க வேண்டும் என்பதற்கான கோடு. Ratio என்பது எவ்வளவு அமுக்க வேண்டும் என்பது. 3:1 என்றால் கோட்டுக்கு மேல் 9 டெசிபல் எழுந்த ஒலி 3 டெசிபல் மட்டுமே எழும். கோட்டுக்குக் கீழே இருப்பது அப்படியே இருக்கும்.

கோட்டை எங்கே வைப்பது என்பதற்கு எல்லாப் பதிவுக்கும் பொருந்தும் எண் கிடையாது. இணையத்தில் யாரோ -18 என்று எழுதியிருப்பார்கள். அது அவர்களுடைய பதிவுக்கு. நாம் காப்பாற்ற நினைப்பது வாக்கியத்தின் முடிவு. அந்த முடிவின் அளவுக்குச் சற்று மேலே கோடு இருக்க வேண்டும். பெரியம்மாவின் முடிவு -26. நான் -23இல் வைத்தேன், விகிதம் 3:1. அவருடைய தொடக்கம் -14, அதாவது கோட்டுக்கு மேல் 9. அது 3 ஆகி, -20இல் நின்றது. முடிவு -26இலேயே இருந்தது. 12 டெசிபல் வித்தியாசம் 6 ஆகிவிட்டது. லிமிட்டரால் முடியாதது இங்கே நடந்தது.

ஆனால் கம்ப்ரெசரை மட்டும் நம்பி முழுக் கோப்பையும் அதற்குள் தள்ளியபோது இரண்டு இடங்களில் கெட்டது. ஒன்று, டம்ளர். -1இல் வந்த டம்ளரைக் கண்டு கம்ப்ரெசர் ஏறக்குறைய 15 டெசிபல் அமுக்கியது. அமுக்கிய கையை உடனே எடுக்காததால், டம்ளருக்கு அடுத்து வந்த பெரியம்மாவின் ஒரு சொல் பாதி விழுங்கப்பட்டது. இரண்டு, என் குரல். -5இலிருந்து 12 டெசிபல் அமுங்கியது. என் கேள்வி முடிந்ததும் அந்த 12 டெசிபலும் விடுபட, பின்னணியில் மின்விசிறி ‘ஹூ’ என்று எழும்பி வந்தது. ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் யாரோ மின்விசிறியின் வேகத்தைக் கூட்டுவதுபோல இருந்தது. இதைப் பம்பிங் என்பார்கள். பேச்சைக் கேட்காமல், பேச்சு நின்ற இடைவெளிகளை மட்டும் கேட்டால் இது உடனே பிடிபடும்.

கையால் வெட்டி அளவு மாற்றுவது

இதை யாரும் விரும்புவதில்லை, நேரம் பிடிக்கும். அலைவடிவத்தைப் பார்த்து என் கேள்விகளை ஒவ்வொன்றாகத் தெரிவு செய்து அளவைக் குறைத்தேன். 18 நிமிடத்தில் 31 கேள்விகள், குறுக்கீடுகள். சுமார் 40 நிமிட வேலை. டம்ளரைத் தனியாகப் பிடித்து 12 டெசிபல் இறக்கினேன்.

முதலில் என் குரலைச் சரியாக 9 டெசிபல் குறைத்து அவரோடு சமமாக்கினேன். அது தவறு என்று ஒரு நிமிடத்தில் தெரிந்தது. என் குரலைக் குறைக்கும்போது அந்தத் துண்டில் இருந்த மின்விசிறியும் 9 டெசிபல் குறைகிறது. கேள்வி வரும்போதெல்லாம் மின்விசிறி நின்று, பதில் வரும்போது மறுபடி ஓடுகிறது. அவர் குரலை உயர்த்தினாலும் இதே கதைதான். இரண்டு துண்டுகளுக்கும் இடையிலுள்ள படி மாறாது.

இதற்கு நான் கண்ட வழி, கையால் செய்வதைப் பாதியில் நிறுத்திவிடுவது. 9க்குப் பதில் 6 மட்டும் குறைத்தேன். என் குரல் -11க்கு வந்தது. மிச்சம் 3 டெசிபலைக் கம்ப்ரெசர் பார்த்துக்கொள்ளும். வெட்டும் இடத்தையும் மாற்றினேன். சொல் தொடங்கும் இடத்தில் ஒட்ட வெட்டாமல், அதற்கு முந்தைய மூச்சின் நடுவில் வெட்டி, ஒலியை மெல்ல ஏற்றி இறக்கும் ஒரு சின்ன ஃபேடு கொடுத்தேன். மின்விசிறியின் படி மூச்சுக்குள் மறைந்துவிட்டது.

கைவேலையால் வாக்கியத்துக்குள் இருக்கும் இறக்கத்தைச் சரிசெய்ய முடியுமா என்றால், முடியும். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசி இரண்டு சொற்களைப் பிடித்து உயர்த்திக்கொண்டே போகலாம். ஐந்து வாக்கியங்களுக்குச் செய்யலாம். இருநூறு வாக்கியங்களுக்குச் செய்ய எனக்குப் பொறுமையில்லை. மேலும், கையால் தூக்கிய சொல் திடீரென்று முன்னால் வந்து நிற்கும். குரலின் இயல்பான சரிவு உடைந்துவிடும்.

நான் எடுத்த முடிவு

நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. மூன்றை வரிசையாக வைத்தேன்: மெதுவாக மாறும் வித்தியாசத்துக்குக் கை, வாக்கியத்துக்குள் நிகழும் இறக்கத்துக்குக் கம்ப்ரெசர், கண நேர முனைகளுக்கு லிமிட்டர். வரிசை மாறக் கூடாது. லிமிட்டரை முன்னால் போட்டால் அது ஏற்கெனவே நசுக்கிய குரலைத்தான் கம்ப்ரெசர் பார்க்கும்.

இந்த மூன்றுக்கும் முன்னால் ஒரு சிறு வேலை உண்டு. கதை சொல்கிற நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் மூச்சுக்கு ஒரு முறை “அப்புறம்” என்பார்கள். அந்த ‘ப்பு’வின் காற்று மைக்கில் நேராக மோதி ‘டும்’ என்று ஒரு அடித்தொனி இடி உண்டாகும். கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் அது கேட்காது. கம்ப்ரெசருக்குக் கேட்கும். அந்த இடியைப் பேச்சென்று நினைத்து அமுக்க, ‘புறம்’ தணிந்துபோகும். காரணம் தெரியாமல் குரல் தடுமாறுவதுபோல இருக்கும். ஈக்வலைசரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை முதலிலேயே வெட்டிவிட்டால் இது பெருமளவு போய்விடும். ஆண் குரல் என்றால் 80இல் வெட்டுவது நல்லது. 100இல் வெட்டினால் குரலின் கனம் கொஞ்சம் குறையலாம். இரைச்சல் குறைப்பு செய்வதானால் அதையும் கம்ப்ரெசருக்கு முன்பே, லேசாகச் செய்துவிட வேண்டும். கம்ப்ரெசர் போன பிறகு இரைச்சல் ஒரே அளவில் நிற்காது. மாறிக்கொண்டே இருக்கும் இரைச்சலைச் செயலியால் சரியாக இனம்காண முடியாது.

இனி எண்கள். கைவேலைக்குப் பிறகு சிரிப்பு -8, நான் -11, பெரியம்மாவின் தொடக்கம் -14, முடிவு -26. கம்ப்ரெசரில் அதே -23, அதே 3:1. சிரிப்பு -18க்கும், நான் -19க்கும், அவர் -20க்கும் வந்தோம். முடிவு -26. முன்பு 18 டெசிபலுக்குப் பரவிக் கிடந்தது இப்போது 8 டெசிபலுக்குள் அடங்கிவிட்டது. யாருடைய குரலும் 10 டெசிபலுக்கு மேல் அமுங்கவில்லை. பெரியம்மாவின் குரல் 6 மட்டும். மீட்டரில் அமுக்கும் அளவு பேச்சின்போது ஆறைச் சுற்றி ஆடி, இடைவெளிகளில் பூஜ்யத்துக்குத் திரும்பினால் சரியான இடத்தில் இருக்கிறோம் என்று அர்த்தம். திரும்பவே இல்லையென்றால் கோடு மிகக் கீழே இருக்கிறது.

அட்டாக்கும் ரிலீஸும்

பலரும் அப்படியே விட்டுவிடும் இரண்டு குமிழ்கள் இவை. தமிழ்ப் பேச்சுக்கு இவைதான் கம்ப்ரெசரின் உயிர்.

Attack என்பது ஒலி கோட்டைத் தாண்டியதும் எவ்வளவு விரைவில் முழு அளவுக்கு அமுக்க வேண்டும் என்பது. ஒரு மில்லிவினாடியில் வைத்துப் பார்த்தேன். “பட்டினம்” என்ற சொல்லில் ‘ட்டி’ வெடிக்கும் இடம் மழுங்கி, நாக்கு தடித்தவர் பேசுவதுபோலக் கேட்டது. 40இல் வைத்தால் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் குத்தியது. 10 மில்லிவினாடி சரியாக இருந்தது. வல்லினம் தன் கூர்மையோடு வெளியே வந்த பிறகு, உயிரோசை மட்டும் அமுங்குகிறது.

Release என்பது ஒலி தணிந்த பிறகு அமுக்கிய கையை எவ்வளவு விரைவில் எடுப்பது. வாக்கியத்தின் வால் பிழைப்பதும் சாவதும் இதில்தான். இதை ஒரு வினாடியில் வைத்தேன். “கிணற்றில் தண்ணீர்” என்று உரக்கச் சொன்னபோது அமுங்கிய 6 டெசிபல், “ஊறவேயில்லை” வரும்போதும் விடவில்லை. தலையோடு வாலும் சேர்ந்து அமுங்கியது. முழுவதையும் வெறுமனே ஒலி குறைத்ததுபோலத்தான். இத்தனை வேலையும் வீண். கோட்டையும் விகிதத்தையும் சரியாக வைத்த பிறகும் ‘கம்ப்ரெசர் போட்டேன், ஒரு மாற்றமும் இல்லை’ என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் ரிலீஸ்.

மறுகோடியில், 40 மில்லிவினாடியில் வைத்தால் அசைக்கு அசை அமுக்கி விடுகிறது. குரலில் ஒரு நடுக்கம் வருகிறது, சொற்களின் இடுக்கிலெல்லாம் மின்விசிறி எட்டிப் பார்க்கிறது. பேச்சில் வினாடிக்கு ஐந்தாறு அசைகள் வரும் என்று வைத்துக்கொண்டால் ஓர் அசைக்கு ஏறக்குறைய 170 முதல் 200 மில்லிவினாடி. ரிலீஸ் அந்த அளவை ஒட்டி, அல்லது சற்றுக் கூடுதலாக இருந்தால் சொல்லுக்குச் சொல் மெல்ல விடுபட்டு, கடைசிச் சொல் வருவதற்குள் கை முழுவதும் விலகிவிடும். பெரியம்மாவுக்கு 200இல் நிறுத்தினேன். வேகமாகப் பேசுபவருக்கு 150, நிதானமாக இழுத்துப் பேசுபவருக்கு 250 வரை போகலாம்.

இதைச் சரிபார்க்க முழுக் கோப்பையும் ஓட்ட வேண்டாம். உரத்த தொடக்கம், தணிந்த முடிவு, அதன் பின் ஓர் இடைவெளி மூன்றும் உள்ள பத்து வினாடித் துண்டை எடுத்துத் திரும்பத் திரும்பக் கேட்டால் போதும். இடைவெளியில் மின்விசிறி எழும்பினால் அமுக்கும் அளவு அதிகம் அல்லது ரிலீஸ் குறைவு. முடிவு மேலே வரவில்லை என்றால் ரிலீஸ் அதிகம்.

சில செயலிகளில் இந்தக் குமிழ்கள் எதுவும் இருக்காது. ‘கம்ப்ரெசர்’ என்று ஒரே ஒரு குமிழ் இருக்கும். அதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை. 1960களில் வந்து இன்றும் குரல் பதிவுக்குப் பெயர் சொல்லப்படும் எல்ஏ-2ஏ என்ற கருவியின் முகப்பில் முக்கியமான குமிழ்கள் இரண்டுதான்: எவ்வளவு அமுக்குவது, எவ்வளவு உயர்த்துவது. அட்டாக்கும் ரிலீஸும் கருவிக்குள்ளேயே தீர்மானமாகிவிடும். ஒற்றைக் குமிழ்ச் செயலியில் செய்ய வேண்டியது, மேலே சொன்ன பத்து வினாடியைக் கேட்டபடி குமிழை மெல்லக் கூட்டி, மின்விசிறி எழும்பத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துவது.

உயர்த்துவதில் ஒரு பொறி

அமுக்கிய பிறகு எல்லாம் தணிந்து கிடக்கிறது. மொத்தத்தையும் 12 டெசிபல் உயர்த்தினால் பெரியம்மாவின் தொடக்கம் -8க்கும் முடிவு -14க்கும் வரும். கேட்பதற்கு அது போதுமான அளவு. ஆனால் அந்த 12 டெசிபலையும் கம்ப்ரெசரின் Make-up gain குமிழிலேயே கொடுக்கக் கூடாது. காரணம் அட்டாக். முதல் சில மில்லிவினாடி முழுதாக அமுக்கப்படாமல் தப்பிக்கிறது அல்லவா? சிரிப்பு வெடித்த அந்தக் கணம் இன்னும் -8இல்தான் இருக்கிறது. 12 கூட்டினால் அது 0க்கு மேல் 4 டெசிபல் போய்விடும். எளிய செயலிகள் பல, ஒவ்வொரு வேலையையும் முடித்த கையோடு கோப்பில் எழுதிவிடுகின்றன. 0க்கு மேல் போனது அங்கேயே வெட்டுப்பட்டுவிடும். பிறகு லிமிட்டர் வந்தாலும் வெட்டுப்பட்ட முனையைத்தான் பார்க்கும்.

ஆகவே கம்ப்ரெசரில் 6 மட்டும் கொடுத்தேன். சிரிப்பின் முனை -2இல் நின்றது. அடுத்ததாக லிமிட்டரில் கூரை -1, உள்ளே வரும் ஒலியை 6 உயர்த்தினேன். சிரிப்பின் முனையை லிமிட்டர் 5 டெசிபல் அமுக்கியது. கண நேரம்தான், காதுக்குத் தெரியவில்லை. பெரியம்மாவின் பேச்சை அது தொடவே இல்லை. லிமிட்டர் அப்படித்தான் இருக்க வேண்டும்: மீட்டரில் எப்போதாவது ஒரு முறை துடித்துவிட்டு அடங்க வேண்டும். இடைவிடாமல் எரிந்துகொண்டிருந்தால் கம்ப்ரெசர் செய்ய வேண்டிய வேலையை லிமிட்டர் செய்துகொண்டிருக்கிறது.

கூரையை 0இல் வைக்காமல் -1இல் வைப்பதற்குக் காரணம் உண்டு. கோப்பை எம்பி3 ஆகவோ வேறு சுருக்க வடிவமாகவோ மாற்றும்போது முனைகள் சற்று உயரக்கூடும்.  அந்த ஒரு டெசிபல் அதற்கான இடம்.

இதற்கெல்லாம் விலை மின்விசிறி. முன்பு -52இல் இருந்தது இப்போது -40. பேச்சின் தொடக்கத்துக்கும் மின்விசிறிக்கும் இடையே 38 டெசிபல் இருந்தது, 32 ஆகிவிட்டது. நாம் அமுக்கிய அதே 6 டெசிபல்தான் அங்கே போயிருக்கிறது. கம்ப்ரெசர் எவ்வளவு அமுக்குகிறதோ அவ்வளவு இரைச்சல் குரலை நெருங்கும். இதிலிருந்து தப்பிக்க வழி எதுவும் இல்லை. -40இல் மின்விசிறி எனக்குப் பரவாயில்லை என்று தோன்றியது. -52க்குப் பதிலாக -35இல் இரைச்சலோடு வந்த பதிவு என்றால் நான் கம்ப்ரெசரை 2:1க்கு மேல் வைக்க மாட்டேன், வாலை முழுவதும் காப்பாற்றும் ஆசையையும் விட்டுவிடுவேன்.

உங்கள் பதிவு வேறு மாதிரி இருந்தால்

தனியொருவர், கைபேசியை ஒரே தூரத்தில் வைத்து வாசித்த கதையோ பாடமோ என்றால் கைவேலை தேவையில்லை. கம்ப்ரெசரும் லிமிட்டரும் போதும். கல்யாண மண்டபத்திலோ கூட்டத்திலோ எடுத்த பேச்சு என்றால் நேர்மாறு: கம்ப்ரெசர் கூட்டத்தின் சலசலப்பைத்தான் மேலே கொண்டுவரும். அங்கே கையால் அளவு மாற்றி, லிமிட்டரை லேசாகப் போடுவதே மேல். ஒரே ஒரு வழிதான் வேண்டும், நேரமும் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் கையைத்தான் சொல்வேன். கையால் கெடுத்ததை அடுத்த நிமிடமே காது சொல்லிவிடும். கம்ப்ரெசரால் கெட்டது அடுத்த நாள்தான் தெரியும்.

அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது முனைகள் கத்தரித்ததுபோலத் தட்டையாக இருந்தால், பதிவின்போதே ஒலி 0ஐத் தாண்டிவிட்டது. அதை இந்த நான்கில் எதுவும் சரிசெய்யாது. ஒலியைக் குறைத்தாலும் அந்தக் கரகரப்பு குறைந்த ஒலியில் கேட்கும். முடிந்தால் அந்தக் கேள்வியை மறுபடி கேட்டுப் பதிவு செய்வதுதான் வழி.

கடைசியாக ஒன்றைச் சரிபார்த்தேன். கருவி போட்டதையும் போடாததையும் அப்படியே ஒப்பிட்டால் உரக்க ஒலிப்பதுதான் நல்லதென்று காது ஏமாறும். அதனால் புதிய கோப்பின் பிரதி ஒன்றை இறக்கி, பெரியம்மாவின் தொடக்கம் இரண்டிலும் ஒரே அளவில் கேட்கும்படி வைத்துக்கொண்டு, இரண்டையும் பஸ்ஸில் மாற்றி மாற்றிக் கேட்டேன். அதே வழி, அதே எஞ்சின். பழையதில் “ஊற” என்றதோடு நின்றது. புதியதில் அந்த வருஷம் கிணற்றில் தண்ணீர் ஊறவேயில்லை. சொல்லி முடித்து அவர் ஒரு மூச்சு விடுகிறார், அதற்குப் பின்னால் மின்விசிறி சுற்றுவது கொஞ்சம் கேட்கிறது. டம்ளர் வைக்கும் சத்தமும் மெல்லியதாக இருக்கிறது. அதை நான் நீக்கவில்லை.